ஸ்பாஞ்சா, சாஃப்ட் கோரா? ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை சாஃப்ட்பால் சொல்லிக்கொடுக்க எந்தப் பந்து

சாஃப்ட்பால் என்று பெயர் இருந்தாலும் போட்டிப் பந்து கல் மாதிரி இருக்கும். 12 அங்குலச் சுற்றளவு, 180 கிராமுக்கு மேல் எடை. அதைப் பதினோரு வயதுப் பிள்ளை கையில் முதல் நாளே கொடுத்தால் அடுத்த நாள் பாதிப் பேர் ஷட்டில்காக் பக்கம் போய்விடுவார்கள். அதனால் மெத்தென்ற பந்தில்தான் தொடங்க வேண்டும் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. எந்த மெத்துப் பந்து என்பதில்தான் மூன்று வருடம் தடுமாறினேன். முதல் வருடம் டென்னிஸ் பந்து, அடுத்த வருடம் ஸ்பாஞ்ச் பந்து, போன வருடத்திலிருந்து 11 அங்குல சாஃப்ட் கோர் பந்து. கடைசியில் சொன்னதன் பக்கம்தான் இப்போது நிற்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டென்னிஸ் பந்தை நாலு வரியில் முடித்துவிடலாம். எங்கும் கிடைக்கும், மலிவு, எல்லார் கைக்கும் பழகியது. அந்தப் பழக்கம்தான் வினையே. பந்தைப் பார்த்ததும் ஒரு பையன், "சார், கிரிக்கெட்டா?" என்றான். இல்லை என்று சொல்லியும் அவன் கை கேட்கவில்லை. பந்து தரையில் குத்தி எழட்டும் என்று காத்திருந்தான். அடித்ததும் பேட்டைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடினான். மெதுவாக உருண்டால் ஓடாமல் நின்று என்னைப் பார்த்தான். சாஃப்ட்பாலில் பந்து குத்தாமல் நேராக வரும், பேட்டைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும், கோட்டுக்குள் அடித்துவிட்டால் ஓடாமல் இருக்கிற உரிமையே கிடையாது. பந்து வேறாகத் தெரிந்தால் இந்த மூன்றும் பாதி நாளில் மாறுகின்றன. டென்னிஸ் பந்தை வைத்துக்கொண்டு மாற்ற எனக்கு ஒரு பருவம் போனது.

மிச்சம் இரண்டு. நான் வாங்கிய ஸ்பாஞ்ச் பந்து சாஃப்ட்பால் அளவிலேயே இருக்கும், பளீர் மஞ்சள். கடைத் தராசில் வைத்துப் பார்த்தபோது சுமார் 50 கிராம். சாஃப்ட் கோர் என்பது வெளியே தோல் மாதிரி உறை, சிவப்புத் தையல், உள்ளே அழுத்தினால் லேசாக உள்வாங்குகிற கரு. அளவு கொஞ்சம் சின்னது, எடை 160 கிராம் பக்கம். ஆக அளவு கிட்டத்தட்ட ஒன்று, எடை மூன்று மடங்கு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பயம் போவதில் ஸ்பாஞ்சுக்கு இணை இல்லை. முகத்தில் பட்டாலும் சிரிப்பார்கள். பிட்சிங்கின் முதல் இரண்டு வாரத்துக்கு இன்றைக்கும் அதைத்தான் எடுக்கிறேன். மூன்று மீட்டர் தூரத்தில் இரண்டிரண்டு பேராக நிற்கவைத்து, முழங்கைக்குக் கீழே மட்டும் அசைத்து, தொடைப் பக்கத்தில் மணிக்கட்டைச் சுண்டி விடச் சொல்வேன். ஸ்பாஞ்சில் தையல் இல்லாததால் சுழற்சி தெரியாது. அதற்கு ஒரு வழி உண்டு. மார்க்கரால் பந்தைச் சுற்றி ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு மேலும் கீழுமாக நிற்கும்படி பிடிக்கச் சொல்லுங்கள். சுண்டல் சரியாக இருந்தால் கோடு சைக்கிள் சக்கரம் மாதிரி நேராகச் சுழலும். மணிக்கட்டு பக்கவாட்டில் திரும்பினால் தள்ளாடும். எதிரே நிற்கிற பிள்ளையே "கோணுது" என்று சொல்லிவிடும், நான் முப்பத்தாறு பேரையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கை முழு வட்டம் போடத் தொடங்கும்போதுதான் ஸ்பாஞ்ச் ஏமாற்றுகிறது. காற்றாடி மாதிரி கையைச் சுற்றும்போது, கனமான பந்து தானே கையை வெளியே இழுத்து நீட்டிவைக்கும். எடை இல்லாத பந்தில் அந்த இழுப்பு இல்லை. பிள்ளைகள் முழங்கையை மடக்கிக் கடைசியில் பந்தைத் தள்ளிவிடுகிறார்கள். அதுவும் எப்படியோ மிதந்து, அடிக்கிறவர் நிற்கிற ஹோம் பிளேட் பக்கம் போய்ச் சேர்வதால் தப்பு தெரிவதில்லை. சாஃப்ட் கோரில் தப்பு அப்படி ஒளியாது. சீக்கிரம் விட்டால் பந்து காலடி மண்ணில் குத்தும், தாமதமாக விட்டால் கேட்சர் தலைக்கு மேல் போகும். எட்டு, ஒன்பது மீட்டரில் நின்று இருபது பந்து போட்டால் யாருக்கு என்ன கோளாறு என்று எழுதிவிடலாம். விரல் நீளம் போதாத பிள்ளை மூன்று விரலுக்குப் பதில் நான்கையும் தையல் மேல் வைக்கட்டும், பரவாயில்லை.

பேட்டிங்கிலும் அதே கதைதான். ஸ்பாஞ்சைச் சரியாக அடித்தாலும் தேய்த்து அடித்தாலும் ஏறக்குறைய ஒரே தூரம்தான் போகும். போதாததற்கு ஆடிக் காற்று. போக்குவரத்துக் கூம்பில் குழாய்த் துண்டு செருகி, மேலே பழைய சைக்கிள் ட்யூப் மாட்டி, பந்தை வைத்து அடிக்க ஒரு டீ செய்துவைத்திருக்கிறேன். அதன் மேல் ஸ்பாஞ்ச் பந்து நின்றால்தானே அடிக்க? வைத்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் உருண்டுவிடும். சாஃப்ட் கோர் அசையாமல் உட்காரும். கைப்பிடிப் பக்கம் பட்டால் உள்ளங்கை சுள்ளென்று எரியும், பேட்டின் தடித்த பகுதியில் பட்டால் எதுவுமே பட்ட மாதிரி இருக்காது. அந்த வித்தியாசத்தை என் வாயால் விளக்கிப் புரியவைக்க முடிந்ததில்லை.

இதெல்லாம் இருந்தும் ஸ்பாஞ்சை வைத்தே இன்னொரு வருடம் ஓட்டியிருப்பேன். என்னை மாற்றியது பேஸ் ஓட்டம்தான். பந்துக்கும் ஓட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நானும்தான் நினைத்திருந்தேன்.

எங்கள் மைதானத்தில் பேஸுக்கு பேஸ் 14 மீட்டர் வைத்திருக்கிறோம். போட்டியில் அது 60 அடி, அதாவது 18.3 மீட்டர். அடித்தவர் பேட்டைப் போட்டுவிட்டு முதல் பேஸை மிதிக்க, ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு மூன்றரை வினாடி பக்கம் ஆகிறது. பந்து, இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே நிற்கிற ஷார்ட்ஸ்டாப் பக்கம் உருண்டுபோய், அவர் எடுத்து நிமிர இரண்டு வினாடிக்கு மேல் ஆகும். அங்கிருந்து முதல் பேஸ் 16 மீட்டர் இருக்கும். ஓடுகிறவருக்கு முன்னால் பந்தை அங்கே சேர்த்து அவுட் ஆக்க மிச்சம் இருப்பது ஒன்றேகால், ஒன்றரை வினாடி. சாஃப்ட்பால் விளையாட்டின் உயிரே அந்த ஒன்றரை வினாடியில் இருக்கிறது.

இங்கேதான் அந்த எடைக் கணக்கு வருகிறது. கிட்டத்தட்ட ஒரே அளவுப் பந்து என்பதால், ஒரே வேகத்தில் எறிந்தால் காற்று இரண்டையும் ஏறக்குறைய ஒரே பலத்தோடுதான் தடுக்கும். ஆனால் மூன்றில் ஒரு பங்கு எடையுள்ள பந்து சுமார் மூன்று மடங்கு சீக்கிரம் வேகம் இழக்கும். சாஃப்ட் கோர் பெரிதாகத் தளராமல் போய்ச் சேர்கிறது. ஸ்பாஞ்ச் பாதி வழியிலேயே சோர்ந்து, இரண்டு குத்து குத்தி, அரை வினாடியோ அதற்கு மேலோ தாமதமாக வருகிறது. ஸ்பாஞ்ச் வைத்து இருபது உருட்டுப் பந்து எண்ணிப் பார்த்தேன். முதல் பேஸில் அவுட் ஆனவர்கள் மூன்றே பேர். அதே பிள்ளைகள், அதே பேஸ், சாஃப்ட் கோர் கொடுத்தபோது ஒன்பது பேர்.

இருபதில் மூன்று என்றால் ஓடுகிறவர்கள் என்ன கற்றுக்கொள்வார்கள்? பந்து வரவே வராது என்று கற்றுக்கொள்வார்கள். முதல் பேஸைத் தாண்டி ஓடலாம் என்பதற்காகவே, மிதிக்கும்வரை வேகத்தைக் குறைக்காதே என்று சொல்லிக்கொடுக்கிறோம். பந்து வராதபோது எதற்கு வேகம்? கடைசி மூன்று அடியில் நடந்தார்கள். இன்னொரு கூட்டம் எதை அடித்தாலும் நிற்காமல் இரண்டாம் பேஸுக்கு ஓடியது. வெளியே நிற்கிறவர்கள் எறிவதையே விட்டுவிட்டுப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறவரைத் துரத்தினார்கள். பார்க்க ஜாலியாக இருக்கும், ஆனால் அது சாஃப்ட்பால் இல்லை, ஓடிப்பிடித்து.

சாஃப்ட் கோர் வந்த இரண்டாவது வாரம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஷார்ட்ஸ்டாப் பக்கம் அடித்தாள். பாதி வழியில் திரும்பிப் பந்தைப் பார்த்தாள், அந்த ஒரு பார்வையில் அவுட். வெளியே வந்ததும், "பாக்காம ஓடியிருந்தா தொட்டிருப்பேன்ல சார்?" என்று அவளே கேட்டாள். பேஸைப் பார், பந்தைப் பார்க்காதே என்று முந்தின வருடம் முழுக்க நான் கத்தியது அவளுக்கும் சேர்த்துத்தான்.

அவுட் நெருக்கமாக வரத் தொடங்கினால் முதல் பேஸில் மோதலும் வரும். ஒரு பையன் ஓடிவந்த வேகத்தில் பேஸ்காரன் மேல் விழுந்து இருவருக்கும் முட்டி தேய்ந்தது. அன்றிலிருந்து இரட்டை பேஸ்தான். கோட்டுக்கு உள்ளே வெள்ளைச் சாக்கு, பந்து பிடிக்கிறவருக்கு. அதை ஒட்டி வெளியே ஆரஞ்சுத் துணி தைத்த சாக்கு, ஓடுகிறவருக்கு. சின்ன வயதுப் போட்டிகளில் இது வழக்கமான ஏற்பாடுதான், நான் தாமதமாகச் செய்தேன்.

செலவைப் பார்த்தால், எங்கள் ஊர்க் கடையில் ஒரு சாஃப்ட் கோர் வாங்கும் காசுக்கு மூன்று ஸ்பாஞ்ச் வரும். ஆனால் வாங்கிய பன்னிரண்டு ஸ்பாஞ்சில் அரையாண்டுப் பரீட்சைக்குள் எட்டு பிய்ந்துவிட்டன. முள்ளில் கிழியும், மழையில் ஊறினால் இரண்டு நாள் காயாது. சாஃப்ட் கோர் ஆறு வாங்கினேன், ஒன்றுக்குத் தையல் விட்டுப்போனது, மற்றவை ஓடுகின்றன. அடுத்த வருடமும் இந்தக் கணக்கு நிற்கும் என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

இன்னொன்று, சாஃப்ட் கோர் என்ற பெயரை நம்பி ஹெல்மெட்டை விட்டுவிடாதீர்கள். மூக்கில் பட்டால் ரத்தம் வரும், ஒருமுறை வந்தது. அடிக்கிறவருக்கும் ஓடுகிறவருக்கும் ஹெல்மெட், கேட்சருக்கு முகக்கவசம். கிளவுஸ் ஆறுதான் இருக்கிறது, அதில் இரண்டு கேட்சருக்கும் முதல் பேஸுக்கும் நிரந்தரம். மற்றவர்கள் பத்து மீட்டருக்குள் இரண்டு கையாலும் பிடிக்கிறார்கள், உள்ளங்கை சிவக்கிறது, சமாளிக்கிறார்கள். அறுபது பேர் வகுப்பு, ஹெல்மெட் ஒன்றுகூட இல்லை என்றால் ஸ்பாஞ்சோடு இருங்கள். பேஸை மட்டும் 11 மீட்டருக்கு இழுத்து, எல்லாரையும் அதற்கேற்ப உள்ளே நிறுத்துங்கள். எறிகிற தூரம் குறைந்தால் ஸ்பாஞ்ச் அவ்வளவு சோராது, அவுட் எண்ணிக்கை ஓரளவு ஏறும். எட்டு நாள்தான் அப்படி ஆடிப் பார்த்தேன், இருபதில் ஐந்தாறு வந்தது.

மிச்சமிருக்கிற நாலு ஸ்பாஞ்சும் பையிலேயே கிடக்கின்றன. மழை நாளில் வராந்தாவில் சுண்டிப் பழக எடுக்கிறோம். மார்க்கர் கோடு அழிந்துபோனால் பிள்ளைகளே மறுபடி போட்டுக்கொள்கிறார்கள்.