தேன் கூட்டைக் கலைக்க ஹவுஸ் ஓனர் ஆள் அனுப்பினால், முதலில் இதைப் படியுங்கள்

கோவையில் வாடகைக்கு வீடு பார்ப்பவர்களுக்காகவும், பால்கனிப் பக்கம் தேன் கூடு இருந்து ஓனரிடம் மன்றாடிக்கொண்டிருப்பவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

நாங்கள் இருந்தது மூன்றாவது மாடி. பக்கத்தில் ஒரு வேப்பமரம், அதன் கிளை பால்கனிக் கம்பி வரை வந்துவிட்டது. "கிளையைக் கொஞ்சம் வெட்டிவிடுங்கள் சார்" என்று கேட்டபோதெல்லாம், "மரத்தைத் தொட்டால் கார்ப்பரேஷனில் கேள்வி வரும் தம்பி" என்றே பதில் வந்தது. சரி, கிளையோடு வாழ்ந்துவிடலாம் என்று விட்டோம். அப்புறம் மேல் சன்ஷேடின் அடியில் மலைத்தேனீ கூடு கட்டியது.

கொம்புத்தேனீ என்றால் பெரிய பயமில்லை. அதன் அடை உள்ளங்கை அளவுதான் இருக்கும், செடியிலோ கிளையிலோ தொங்கும். மலைத்தேனீ வேறு ஜாதி. ஒரே ஒரு பெரிய அடையை வெட்டவெளியில் தொங்கவிட்டு, அதன்மேல் ஆயிரக்கணக்கான ஈக்கள் போர்வை போலப் படர்ந்திருக்கும். பக்கத்தில் குளவி பறந்தால் அந்தப் போர்வை முழுக்க அலை ஓடும். ஒரு ஈ கொட்டினால் அந்த வாடை மற்ற ஈக்களையும் கிளப்பிவிடும். கூட்டத்துக்கு நடுவில் அடையே தெரியவில்லை என்றால் அது வழியில் இளைப்பாறும் கூட்டமாகவும் இருக்கலாம், சில நாளில் தானே போய்விடும். எங்களுடையது அப்படியில்லை, வெள்ளை அடை நாளுக்கு நாள் நீண்டுகொண்டே வந்தது.

ஓனரிடம் போட்டோ அனுப்பினேன். "தேன் கூடு வந்தால் வீட்டுக்கு லட்சுமி" என்றார். குழந்தை இருக்கிறது என்று மனைவி நேரில் போய்ச் சொன்ன பிறகுதான் "நம்ம ஆள் ஒருத்தர் வருவார்" என்றார்.

நம்ம ஆள் வந்தது பட்டப்பகலில். கையில் மண்ணெண்ணெய் நனைத்த துணிப்பந்தம். முகத்துக்கு வலை கிடையாது, பக்கத்து வீடுகளுக்கு ஒரு வார்த்தை கிடையாது. நாங்கள் ஜன்னலைச் சாத்துவதற்குள் பந்தத்தை நீட்டிவிட்டார். கீழே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவருக்கு முகம், கழுத்தெல்லாம் கொட்டு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். அந்த ஆள் தேன் இருந்த பகுதியை மட்டும் அறுத்து வாளியில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் வேலை கூட்டை எடுப்பதல்ல, தேனை எடுப்பது.

இரை தேடிப் போயிருந்த ஈக்கள் சாயங்காலம் திரும்பி வந்து, கருகிய மெழுகின் மேலேயே அடைந்தன. சில வாரத்தில் அதே இடத்தில் புது அடை. விஷயம் தெரிந்த ஒருவர் பிறகு சொன்னார்: இருட்டிய பின், எல்லா ஈயும் கூட்டில் இருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும். சுற்றிலும் விளக்கை அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈக்கள் வெளிச்சத்தைத் தேடி வீட்டுக்குள் வந்துவிடும். தீ கூடாது, புகை போதும். முழு அடையையும் எடுத்த பின் மெழுகைச் சுவர் தெரியும்வரை சுரண்டிக் கழுவி, மேலே சுண்ணாம்போ பெயிண்டோ அடிக்க வேண்டும். மெழுகு வாடை இருக்கும்வரை கூட்டம் அந்த இடத்தை விடாது. ஆக, வருகிற ஆளிடம் "எப்போது வருவீர்கள், மெழுகைச் சுரண்டுவீர்களா" என்று கேட்டாலே தேறுவாரா என்று தெரிந்துவிடும்.

இதைவிட எரிச்சல், காலி செய்யும்போது வந்தது. அட்வான்ஸில் 6,000 ரூபாய் பிடித்துவிட்டார். "தோட்டப் பராமரிப்பு, தேன் கூடு நீக்கியது" என்று ஒரு துண்டுச் சீட்டு. கேட்டால், சட்டத்திலேயே தோட்டம் குடியிருப்பவர் பொறுப்பு என்று அவர் மகன் வாதாடினார். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தில் அப்படி ஒரு வரி இருப்பது உண்மைதான். ஆனால் அது நமக்கு வாடகைக்கு விட்ட, அல்லது நாம் பயன்படுத்துகிற தோட்டத்துக்கு. அவர் பூட்டி வைத்திருக்கும் காம்பவுண்டில் நிற்கும் வேப்பமரமும், கட்டடத்தின் வெளிச் சன்ஷேடும் எப்படி என் தோட்டமாகும்? பாதி வரியைப் படித்துக் காட்டி மிரட்டுகிறவர்களிடம் மீதி வரியையும் படிக்கச் சொல்லுங்கள்.

கூட்டை எடுத்ததற்கு ரசீது கேட்டேன், இல்லையாம். ஆள் அனுப்புவதாகச் சொன்ன அன்றே "செலவு உங்களுடையதுதானே சார்" என்று வாட்ஸ்அப்பில் நான் கேட்டு, அவர் "ஆமா தம்பி" என்று போட்டது இருந்தது. அதைக் காட்டிய பிறகு 4,000 திரும்பி வந்தது. மீதிக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வீடு பார்க்கப் போனால் பால்கனியில் நின்று மேல் சன்ஷேடின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். பழுப்பு நிறத்தில் மெழுகுக் கறை, அடையின் அடித்தடம் போல ஒரு நீளக் கோடு தெரிந்தால், முன்பு அங்கே கூடு இருந்திருக்கிறது. பூப் பருவத்தில் மறுபடி வர வாய்ப்பு அதிகம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே சுரண்டிப் பெயிண்ட் அடித்துத் தரச் சொல்லுங்கள். கிளை வெட்டும் செலவு யாருடையது என்பதையும் அக்ரிமென்டில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஓனர் முகம் சுளித்தால் அடுத்த வீட்டைப் பாருங்கள்.