லிஃப்டில் வரிசை, தோட்டத்தில் மூலை: நாய் விதிகள் குறித்து நிர்வாகக் குழுவுக்கு

நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம். அடுத்த பொதுக்குழுவில் வளர்ப்புப் பிராணிகளுக்கான விதிகளை முடிவு செய்யப் போகிறோம். இதுவரை பேச்சில் அடிபட்ட யோசனைகளை அருகருகே வைத்துப் பார்த்து, என் முடிவையும் எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டில் நாய் கிடையாது. நாயைக் கண்டால் ஒதுங்குகிற ஆட்கள் இரண்டு பேர் உண்டு.

லிஃப்டில் இருந்து ஆரம்பிக்கலாம். முதல் யோசனை, நாய்கள் படியில்தான் போக வேண்டும் என்பது. இது நிற்காது. இந்திய விலங்கு நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், குடியிருப்போர் சங்கங்கள் லிஃப்டில் நாய்களைத் தடுக்கக்கூடாது, அதற்கென்று தனிக் கட்டணமும் வாங்கக்கூடாது என்கிறது. பெரும்பான்மை ஓட்டு இருந்தாலும் நாய் வளர்ப்பதையே தடை செய்ய முடியாது என்றும் அதில் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், ஒன்பதாம் மாடியில் இருக்கும் வயதான நாயையும் அதைவிட வயதான உரிமையாளரையும் தினம் இரண்டு முறை படி ஏறி இறங்கச் சொல்ல நமக்கு மனசு வருமா?

இரண்டாவது யோசனை, சர்வீஸ் லிஃப்டை மட்டும் நாய்களுக்கு ஒதுக்குவது. கேட்க நியாயமாக இருக்கிறது. வேறு லிஃப்ட் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், அதைப் பயன்படுத்தச் சொல்ல வாரியத்தின் வழிகாட்டுதலிலும் இடம் இருக்கிறது. ஆனால் கரண்ட் போனால் நம் பிளாக்கில் ஜெனரேட்டரில் ஓடுவது ஒரே லிஃப்ட்தான். பராமரிப்பு நாளிலும் அப்படியே. வீடு மாற்றுகிறவர் சாமான் ஏற்றும் நாளில் சர்வீஸ் லிஃப்ட் காலை முழுக்கக் கிடைக்காது. விதி உடைகிற இந்த நேரங்களில்தான் சண்டையும் வருகிறது.

அதனால் நான் மூன்றாவது யோசனையின் பக்கம்: எந்த லிஃப்டும் சரி, முதலில் உள்ளே இருப்பவருக்கே முன்னுரிமை. நாயோடு வருபவர் கதவு திறந்ததும், "வரலாமா?" என்று கேட்க வேண்டும். உள்ளே இருப்பவர் வேண்டாம் என்றால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். நாய் ஏற்கனவே உள்ளே இருந்தால், பயப்படுபவர் காத்திருக்க வேண்டும். நாயை இறக்கிவிடச் சொல்லக் கூடாது. எட்டுப் பேர் லிஃப்டின் உட்புறம் ஏறத்தாழ 1.3 மீட்டருக்கு 1.1 மீட்டர்தான். அதில் நாய்க்கும் பயந்தவருக்கும் நடுவே இடைவெளி விட வழியே இல்லை.

இதோடு ஒரு விஷயத்தில் குழு கறாராக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இழுத்தால் நீளும் சுருள் கயிறு லிஃப்டில் கூடாது. நாய் வெளியே நிற்க, கயிறு பிடித்தவர் உள்ளே இருக்க, கதவு மூடிவிட்டால் அந்த மெல்லிய கயிற்றைக் கதவின் சென்சார் கண்டுகொள்ளாமல் போகலாம். லிஃப்ட் நகர்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. குட்டைக் கயிறு, நாய் பின் மூலையில், கதவுக்கும் நாய்க்கும் நடுவே உரிமையாளர். கதவு திறக்கும் நொடியில்தான் நாய் பாயும் என்பதால் இந்த நிற்கும் முறை முக்கியம். பூனைகள் கூடையில் வரட்டும், அவ்வளவுதான்.

தோட்டத்தில் கதை வேறு. இங்கே முழுத் தடையை ஒருவரும் அழுத்திக் கேட்கவில்லை, ஆகவே போட்டி நேரம் பிரிப்பதற்கும் இடம் பிரிப்பதற்கும்தான். நேரம் பிரிக்கலாம் என்பவர்கள், "ஆளில்லாத மதியம் பதினொன்றிலிருந்து மூன்று வரை" என்று எழுதியிருந்தார்கள். சென்னை மே மாத வெயிலில் அந்தச் சிமெண்ட் நடைபாதையில் வெறுங்கையை அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். நாயின் பாதம் பொரிந்துவிடும். சரி, விடியற்காலை என்றால் பெரியவர்கள் நடக்கும் நேரம். மாலை என்றால் குழந்தைகள் விளையாடும் நேரம். எல்லோருக்கும் தேவை அதே குளிர்ந்த நேரம்தான், அதைப் பிரித்தால் யாராவது ஒருவர் ஏமாறுவார்.

இடத்தைப் பிரித்தால் இந்தச் சிக்கல் இல்லை. பின்மதில் ஓரம், ஜெனரேட்டர் அறைக்கு அப்பால் இருக்கும் மண் பகுதியைக் கேட்கிறேன். குழந்தைகளின் மணல்தொட்டியில் இருந்து அதுதான் தூரம். மலத்தை உடனே எடுப்பது வெறும் சுத்தத்துக்காக அல்ல. அதிலுள்ள உருளைப்புழு முட்டைகள் தொற்றும் நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும், அன்றே எடுத்துவிட்டால் அந்த வாய்ப்பே போய்விடும். சிறுநீர் பட்ட புல் கருகுவது அதில் உள்ள நைட்ரஜனால். உடனே ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் பெரும்பாலும் தப்பிக்கும். புல்வெளியில் நடுவே பழுப்பும் ஓரத்தில் கரும்பச்சையுமாக வட்டம் தெரிந்தால் நாய் அங்கே சிறுநீர் கழிக்கிறது என்று அர்த்தம். தோட்டக்காரரைக் குறை சொல்ல வேண்டாம்.

மலம் எடுக்காதவருக்கு அபராதம் போடலாம் என்ற யோசனையை விட்டுவிடலாம். நமக்கு அந்த அதிகாரம் இருப்பதாக வாரியத்தின் வழிகாட்டுதல் ஏற்கவில்லை. அந்த மூலையிலேயே ஒரு குழாய், மூடியுள்ள குப்பைத்தொட்டி, பழைய செய்தித்தாள் வைக்க ஒரு பெட்டி, இவை மூன்றும் அபராதத்தைவிட வேலை செய்யும். செலவைப் பராமரிப்புக் கணக்கில் இருந்தே எடுக்கலாம். மாநகராட்சி உரிமமும் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும் நகலாக அலுவலகத்தில் இருக்கட்டும். இதை நாய் வளர்ப்பவர்களே மறுக்கவில்லை.

குழு இதை ஏற்றுக்கொண்டால், குழாய் இணைப்புக்குப் பிளம்பரிடம் மதிப்பீடு வாங்கிப் பொதுக்குழுவுக்கு முன் தர நான் தயார்.