பிளேசர் தைக்கக் கொடுக்கிறீர்களா? தோளை முதலில் பாருங்கள்

தங்கையின் திருமண வரவேற்பு ஆல்பம் போன வாரம் வந்தது. நான் இருக்கும் படங்களில் எல்லாம் என் தலை உடம்போடு ஒட்டாமல் சிறுத்துத் தெரிகிறது. காரணம் நான் அணிந்திருந்த கருநீல பிளேசர். அதைத் தைக்க 11,000 ரூபாய் கொடுத்தேன். துணி நன்றாகவே இருந்தது. தோளில்தான் ஏமாற்றிவிட்டார்கள். இந்தக் கல்யாணப் பருவத்தில் வேறு யாருக்கும் இப்படி நேரக்கூடாது என்பதால் நடந்ததை எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே வேலையை எந்தக் கடையும் செய்யலாம்.

எனக்குச் சற்றே சரிந்த, குறுகலான தோள். வலது தோள் இடதை விடக் கொஞ்சம் தாழ்ந்தும் இருக்கும். அதனால் அளவெடுக்கும்போதே மூன்று விஷயங்களைச் சொன்னேன். தோள் என் இயல்பான அகலத்திலேயே நிற்க வேண்டும், தோளுக்குள் வைக்கும் பேட் மெல்லியதாக இருக்க வேண்டும், மார்பில் மடிந்து விழும் லேப்பல், காலரோடு சேரும் இடத்தில் V வெட்டு உள்ள நாட்ச் வகையில், 3¼ அங்குல அகலம் வேண்டும். கடைக்காரர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். ட்ரயல் எப்போது என்று கேட்டதற்கு, "எங்கள் அளவு தப்பாது தம்பி, ட்ரயல் தேவையில்லை" என்றார். அந்த இடத்திலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். கோட்டை நூலோட்டி மட்டும் இணைத்து, கைகளைத் தைத்து முடிக்கும் முன் உடம்பில் போட்டுப் பார்ப்பதுதான் ட்ரயல். தோள் தவறாக இருந்தால் அப்போது எளிதாகத் திருத்தலாம். கையும் லைனிங்கும் தைத்து மூடிய பிறகு அதே திருத்தம் பெரிய வேலையாகிவிடும்.

கோட்டு வரவேற்புக்கு முந்தைய நாள் இரவு ஒன்பது மணிக்குக் கைக்கு வந்தது. போட்டவுடனே கனம் தெரிந்தது. கண்ணாடியில் முன்பக்கம் பார்த்தால் "ஆள் எடுப்பாக இருக்கிறார்" என்று சொல்லத் தோன்றும். வீட்டில் சொல்லவும் சொன்னார்கள். ஆனால் கையை இயல்பாகத் தொங்கவிட்டபோது, தோள் தையலுக்குக் கீழே ஸ்லீவின் மேற்பகுதியில் கட்டைவிரல் வைத்து அழுத்தியது போல ஒரு குழி விழுந்தது. உள்ளே எலும்பு இல்லாத இடத்தில் பேட் மட்டும் நீட்டிக்கொண்டிருப்பதன் அடையாளம் அது. சந்தேகமிருந்தால் சுவரோரம் பக்கவாட்டில் மெல்லச் சாய்ந்து பாருங்கள். மேற்கை சுவரில் படும் முன்பே கோட்டின் தோள் முனை பட்டு மடங்கினால், தோள் அகலம் கூடுதல். என் கோட்டு அப்படித்தான் மடங்கியது. வேறு வழியில்லாமல் அதையே போட்டுக்கொண்டு மேடையேறினேன்.

பிறகு எங்கள் பகுதியில் நாற்பது வருடமாகக் கோட்டு தைக்கும் ஒரு பெரியவரிடம் எடுத்துப் போனேன். அவர் டேப்பைக் கழுத்துக்குப் பின்னால் வைத்து, ஒரு தோள் எலும்பு முனையிலிருந்து மறு முனை வரை அளந்தார். 16¾ அங்குலம். கோட்டை மேசையில் விரித்து, ஸ்லீவ் தையலிலிருந்து ஸ்லீவ் தையல் வரை அளந்தார். 18½. "சட்டைக்கு மேல் போடுவதால் பக்கத்துக்குக் கால் அங்குலம் விடலாம். அப்படிப் பார்த்தால் பதினேழே கால் வர வேண்டும் தம்பி. இதில் ஒன்றே கால் அங்குலம் அதிகம்" என்றார்.

லைனிங்கை அக்குளோரம் ஒரு சாண் பிரித்துப் பேடை வெளியே எடுத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரமாக வந்தது. கடையில் சில்லறைக்குக் கிடைக்கும் ஸ்பாஞ்ச் பேட், அதுவும் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பசை தடவி ஒட்டியிருந்தார்கள். அமுக்காமல் வைத்தாலே முக்கால் அங்குல உயரம். வெளி ஓரம் சீவப்படாமல் செங்குத்தாக நின்றது. நல்ல பேட் பஞ்சையோ ஃபெல்ட்டையோ அடுக்கடுக்காக வைத்து, கழுத்துப் பக்கம் ஒன்றுமில்லாத அளவுக்கு மெலிந்து வரும்படி தைத்திருக்கும். என் கோட்டிலோ இடது பேடும் வலது பேடும் ஒரே உயரத்தில் இருந்தன. என் வலது தோள் தாழ்வு என்று சொன்னதை யாரும் கண்டுகொள்ளவில்லை. வலது பக்கத்துக்கு மட்டும் ஓர் அடுக்கு கூடுதலாக வைத்திருந்தால் போதும், பெரிய பேடே தேவைப்பட்டிருக்காது.

பேடே வேண்டாம் என்றும் சொல்லிவிடக் கூடாது. இதைப் பெரியவர் அழுத்திச் சொன்னார். என்னைப் போன்ற சரிந்த தோளுக்கு ஒன்றுமே வைக்காவிட்டால், கழுத்தோரத்திலிருந்து அக்குள் வரை சாய்வான சுருக்கங்கள் விழும். கால் அங்குலப் பேட் அந்தச் சரிவைத் தாங்கித் துணியை நேராக விழவைக்கும். பேடின் வேலை அவ்வளவுதான். அகலத்தைக் கூட்டுவதற்காக அதை எலும்புக்கு வெளியே தள்ளும்போதுதான் எல்லாம் கெடுகிறது.

லேப்பலிலும் கைவைத்திருந்தார்கள். நான் கேட்டது 3¼, வந்தது 2½. முக்கால் அங்குலம்தானே என்று நானும் முதலில் நினைத்தேன். பெரியவர் காலரிலிருந்து தோள் முனை வரை விரலை ஓட்டிக் காட்டினார். நாட்ச் லேப்பலின் முனை அந்தத் தூரத்தில் ஏறக்குறையப் பாதி வரை வந்து நின்றால் மார்பும் தோளும் சமமாகத் தெரியும். என் கோட்டில் லேப்பல் கழுத்தோரமாகவே ஒடுங்கிவிட்டது. முனைக்கு வெளியே வெறும் துணி விரிந்து கிடந்தது. ஏற்கெனவே அகன்ற தோளை அது இன்னும் அகலமாகக் காட்டியது. கடையில் முதலில் என்னைப் பீக் லேப்பலுக்குத் தள்ளப் பார்த்தார்கள். அதன் முனை மேலேயும் வெளியேயும் நீள்வதால் கண்ணைத் தோள் பக்கம் இழுக்கும். நாட்ச் அப்படி இழுக்காது. அதனால்தான் நாட்ச் கேட்டேன். அதையும் குறுக்கிவிட்டார்கள்.

திருத்தத்துக்கு 1,800 ரூபாய் ஆனது. இரண்டு கைகளையும் கழற்றி, தோளைப் பக்கத்துக்கு அரை அங்குலம் உள்ளே வாங்கி, கைவளைவை மறுபடி வெட்டி, மெல்லிய பேட் வைத்துத் தைத்தார். இப்போது 17½. அதற்கு மேல் வாங்கினால் மார்புப் பகுதியின் அமைப்பே குலைந்துவிடும் என்று நிறுத்திக்கொண்டார். தோள் உள்ளே போனதால் கையும் அரை அங்குலம் மேலேறியது. மணிக்கட்டில் மடித்திருந்த துணியை இறக்கிச் சமன் செய்தார். பழைய மடிப்புக் கோடு வெயிலில் பார்த்தால் மங்கலாகத் தெரிகிறது. லேப்பலை ஒன்றும் செய்ய முடியவில்லை. வெட்டிய துணி வெட்டியதுதான். குறுக்கலாம், அகலமாக்க முடியாது.

ஸ்பாஞ்ச் பேட்களைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போனேன். "எல்லாருக்கும் இதைத்தான் வைக்கிறோம், யாரும் குறை சொன்னதில்லை" என்றார்கள். அளவுப் புத்தகத்தைக் காட்டச் சொன்னேன். என் பக்கத்தில் தோள் என்ற இடத்தில் 17 என்று எழுதி, அடித்து, 18½ என்று மாற்றியிருந்தது. பேட் பற்றியும் வலது தோள் பற்றியும் ஒரு வரி இல்லை. லேப்பல் என்ற இடத்தில் "நாட்ச்" என்று மட்டும் இருந்தது. பில்லிலும் அவ்வளவுதான். நான் சொன்னதற்கு எழுத்தில் எந்தச் சான்றும் இல்லாததால் ஒரு ரூபாய்கூடத் திரும்பத் தர மறுத்துவிட்டார்கள்.

அடுத்த மாதம் என் சித்தப்பா மகனுக்கு நிச்சயதார்த்தம். அவன் முன்பணம் கொடுக்கும் முன், தோள் அகலம், பேட் உயரம், லேப்பல் அகலம், ட்ரயல் தேதி நான்கையும் பில்லிலேயே எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறேன். எழுதித் தர மறுக்கும் கடையில் துணியைக் கொடுக்காமல் திரும்பி வரச் சொல்லியிருக்கிறேன்.