பழுப்புக் கொழுப்பின் பெயரைச் சொல்லி விற்ற மஞ்சள் கேப்சூல்

புளியரை தாண்டி ஆரியங்காவு போகும் சாலையில் உடற்பயிற்சிச் சத்துப்பொருள் விற்கும் ஒரு கடையில், செங்கோட்டையிலிருந்து போன என் தம்பி சென்ற சித்திரையில் எடை குறைக்கும் கேப்சூல் வாங்கி வந்தான். டப்பாவில் தயாரிப்பாளர் பெயர் இல்லை, பில்லும் தரவில்லை. "உடம்பிலுள்ள பழுப்புக் கொழுப்பைத் தூண்டி, கொழுப்பைச் சூடாக்கிக் கரைக்கும்" என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் நடத்தும் நானும், அந்தப் பேச்சில் பாதி உண்மை இருந்ததால் தடுக்காமல் விட்டுவிட்டேன்.

அந்தப் பாதி இதுதான். செல்லுக்குள் ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வு புரோட்டான்களை வெளிப்புறம் தள்ளிச் சேர்த்து வைக்கிறது. அவை ஏடிபி சிந்தேஸ் என்ற நொதி வழியாகத் திரும்பும்போது, செல் தன் வேலைகளுக்குச் செலவிடும் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி உருவாகிறது. பழுப்புக் கொழுப்புச் செல்களில் மட்டும், யூசிபி1 என்ற புரதம் அதே சவ்வில் இன்னொரு வழியைத் திறந்துவிடுவதால், ஏடிபியாக வேண்டிய ஆற்றல் வெப்பமாகிவிடுகிறது. ஆனால் அந்த வழி எப்போதும் திறந்திருப்பதில்லை. செல்லிலுள்ள ஏடிபி போன்ற நியூக்ளியோடைடுகள் அதை அடைத்தே வைத்திருக்கும். குளிர் பட்டு நரம்பிலிருந்து நார்அட்ரினலின் சுரந்து, கொழுப்பு உடைந்து கொழுப்பமிலங்கள் வந்தால்தான் அது திறக்கும். பெரியவர்களுக்கு இக்கொழுப்பு கழுத்தெலும்பை ஒட்டியும் முதுகெலும்போரத்திலும் சிறிதளவே இருக்கிறது.

நாளுக்கு ஒன்றாக நான்கு நாளும், பிறகு இரண்டாகவும் விழுங்கிய தம்பிக்கு, ஏழாம் நாள் வியர்வை ஊற்றெடுத்தது. பனியனில் மஞ்சள் கறை படிந்தது. பாரசிட்டமால் கொடுத்தும் 103 டிகிரியிலிருந்து சூடு இறங்கவில்லை. மருத்துவர் அந்தக் கறையைப் பார்த்தே சந்தேகித்து, மீதிக் கேப்சூல்களைச் சோதனைக்கு அனுப்பினார். உள்ளே இருந்தது டைநைட்ரோஃபீனால் என்ற மஞ்சள் நிற வேதிப்பொருள்.

இது யூசிபி1ஐத் தொடுவதே இல்லை. கொழுப்பில் கரையும் இச்சிறு மூலக்கூறு, தானே புரோட்டானைச் சுமந்து உள்சவ்வைக் கடக்கிறது. இதயம், தசை, மூளை என்று எல்லாச் செல்களிலும் ஏடிபி குறைந்து வெப்பம் பெருகுகிறது. அடைத்து வைக்க எந்தப் பூட்டும் இல்லை. முந்தைய நாள் மருந்து வெளியேறுமுன் அடுத்தது சேர்வதால், முதல் சில நாள் ஒன்றும் தெரியாமலிருந்து பிறகு திடீரென்று முற்றுகிறது. மூளையின் வெப்ப அளவை மாற்றும் காய்ச்சல் அல்ல இது என்பதால்தான் பாரசிட்டமால் பலிக்கவில்லை. மாற்றுமருந்தும் கிடையாது. பனிக்கட்டி, குளிர்ந்த சலைன், தொடர் கண்காணிப்பு ஆகியவற்றால்தான் தம்பி மருத்துவமனையில் சேர்ந்த ஐந்தாம் நாள் வீடு திரும்பினான்.

1933இல் அமெரிக்காவில் எடை குறைக்கக் கொடுக்கத் தொடங்கிய இப்பொருளை, பலர் இறந்தபின் 1938இல் மனிதர் உட்கொள்ளத் தகாதது என்று அங்கேயே அறிவித்தார்கள். இதையெல்லாம் எடுத்துச் சொன்னபோது, தான் அப்படி எதையும் விற்கவில்லை என்று கடைக்காரர் மறுத்துவிட்டார்.

இப்படிப்பட்ட கேப்சூலை யாராவது விழுங்கி உடல் சுட்டு மஞ்சளாக வியர்த்தால், காய்ச்சல் மாத்திரை கொடுத்துக் காத்திராமல், மீதிக் கேப்சூல்களையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.