வியாபாரி கொண்டுவரும் டேப்பை நம்பி ஆடு விற்காதீர்கள்

கொழிஞ்சாம்பாறை பக்கம் ஆடு வளர்க்கிறவள் நான். எங்கள் பக்கத்துக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவில் ஆடு வாங்க வருகிற வியாபாரிகள் பலர். அதில் ஒருவர் செய்த வேலையால் விற்ற கிடாக்களில் பணம் போனது, அப்புறம் பட்டியில் ஓர் ஆடும் போனது. வேறு யாருக்கும் இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

ஆறு மாதத்துக்கு முன்னால் அவர் காலையில் வந்தார். உயிர் எடை கிலோ 450 ரூபாய் என்று பேசினோம். என்னிடம் தராசு இல்லை. "தராசு எதுக்குங்க அக்கா, டேப்பு இருக்குதே" என்று பையிலிருந்து தையல்கடை டேப் ஒன்றை எடுத்தார். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு, தோள் முனையிலிருந்து வாலுக்குப் பக்கத்திலுள்ள எலும்பு முனை வரைக்கும் நீளம் ஒரு அளவு. நெஞ்சளவை நெஞ்சளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ வரும், எல்லாம் இஞ்ச் கணக்கு என்றார். நானும் போனில் போட்டுப் பார்த்தேன், சரியாகவே இருந்தது. மூன்று கிடாவுக்கும் சேர்த்து 108 கிலோ. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, "இதை நீங்களே வெச்சுக்குங்க, மருந்து ஊத்தறதுக்கு ஆகும்" என்று டேப்பையும் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல மனுஷன் என்று நினைத்தேன்.

அவர் சொன்ன கணக்கில் பொய்யே இல்லை, அதுதான் இதில் கஷ்டம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊரெல்லாம் போடுகிற கணக்குதான் அது. நெஞ்சளவு 60 இஞ்ச், நீளம் 54 இஞ்ச் உள்ள பசு ஏறக்குறைய 295 கிலோ வரும். பொய் டேப்பில் இருந்தது.

தெரியவந்தது இப்படி. மழைக்காலம் முடிந்து பெட்டை ஆடுகள் ஒவ்வொன்றாக வாடின. குடற்புழு மருந்து நேரத்துக்கு ஊற்றியிருந்தேன், இருந்தும் கண் இமையை மடக்கிப் பார்த்தால் சிவப்பே இல்லாமல் வெளுத்திருந்தது. ஒன்றுக்குத் தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கியது. அது மூன்றாம் நாள் செத்துப்போனது. மீதியை ஓட்டிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா இமையைப் பார்த்துவிட்டு, "சேச்சி, எடை எப்படிப் பார்த்து மருந்து கொடுத்தீங்க?" என்று கேட்டார். டேப்பைக் காட்டினேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்தார். துணி டேப்பில் 60 இருந்த இடத்தில் இரும்பு டேப் 62 காட்டியது.

பழைய டேப் இழுத்து இழுத்து நீண்டு போகும். நீண்ட டேப்பில் ஒவ்வொரு இஞ்சும் உண்மையான இஞ்சைவிடப் பெரியது, அதனால் ஆடு சிறியதாகத் தெரியும். 60-க்கு 2 என்றால் நூற்றுக்கு மூன்று சில்லறை, அது பெரிதா என்று தோன்றும். ஆனால் கணக்கில் நெஞ்சளவு இரண்டு தடவை வருகிறது, நீளம் ஒரு தடவை வருகிறது, மூன்றுமே அதே டேப்பால் எடுத்தது. மூன்று தடவை சேர்ந்து எடையில் பத்து சதவீதம் ஆகிவிடுகிறது. அவர் எழுதிய 108 கிலோ உண்மையில் 119 கிலோ. 11 கிலோ, 450 ரூபாய் மேனிக்கு 4,950 ரூபாய், டேப் நீண்டதால் மட்டும்.

அதோடு அவர் அளந்த விதமும் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும், மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்டு விற்காமல் வைத்திருந்த கிடாவை அவர் கொடுத்த டேப்பாலேயே, அவர் அளந்த மாதிரியே அளந்து பார்த்தேன். அவர் கீழே தவிட்டு வாளியை வைத்து, ஆடு தலையைக் குனிந்திருக்கும்போது அளந்தார். டேப் ரோமத்தைத் தாண்டித் தோலை அமுக்குகிற அளவுக்கு இறுக்கினார். அப்படிச் செய்தால் நெஞ்சு 30, நீளம் 27 வந்தது, அதாவது 36 கிலோ 800 கிராம். அப்புறம் கிடாவை சமதரையில் நான்கு காலும் நேராக ஊன்றி, தலை நேராக நிற்க வைத்து, இரும்பு டேப்போடு ஒத்துப் பார்த்த புது டேப்பைத் தோலில் ஒட்டினாற்போல, அமுக்காமல் சுற்றினேன். நெஞ்சு 32, நீளம் 28. கணக்கு 43 கிலோ 400 கிராம் சொன்னது. மறுநாள் காலை தீனி, தண்ணி காட்டும் முன் கொப்பரைக் கடைத் தராசில் ஏற்றினேன். 42 கிலோ அரை. ஒழுங்காக அளந்தால் இந்தக் கணக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது பாருங்கள். வயிறு நிறைந்திருந்தாலும், உடல்வாகு மாறினாலும் ஐந்து, பத்து சதவீதம் முன்னே பின்னே போகும், அது யார் தப்பும் இல்லை. ஆனால் அவர் டேப்பில் போனது ஒரே ஆட்டில் ஐந்தரைக் கிலோவுக்கு மேல்.

மருந்து விஷயம்தான் எனக்கு இன்னும் வலிக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த அல்பெண்டசோல் கணக்கு, கிலோவுக்கு 10 மில்லிகிராம். என்னிடம் இருந்தது 2.5 சதவீத மருந்து, அதில் ஒரு மில்லிக்கு 25 மில்லிகிராம். அப்படியென்றால் 30 கிலோ ஆட்டுக்கு 12 மில்லி. அந்த டேப்பில் என் ஆடுகள் சராசரி 30 கிலோ என்று வந்தது, எல்லாவற்றுக்கும் 12 மில்லியே ஊற்றிவிட்டேன். உண்மையில் சராசரி 33. பட்டியிலேயே பெரிய ஆடு 40 கிலோ, அதற்கு 16 மில்லி வேண்டும். செத்துப்போனதும் அந்தப் பெரியதுதான். "குறைச்சு ஊத்தினா சாகாம தப்பிக்கிற புழுதான் அப்புறம் பெருகும் சேச்சி, கூட்டத்துக்கு மொத்தமா ஊத்தறதா இருந்தா சராசரி பாக்காதீங்க, அதுல கனமான ஆட்டோட எடைக்கு ஊத்துங்க" என்றார் டாக்டரம்மா. மருந்தையே மாற்றி எழுதினார். ஊற்றிய பதினான்காம் நாள் சாணம் கொண்டுவரச் சொன்னார், அதில் புழுவின் முட்டை குறைந்திருக்கிறதா என்று பார்க்க.

எடையை உள்ளதைவிடக் கூட்டிக் கணக்குப் போட்டு மருந்து ஊற்றினாலும் ஆபத்து உண்டு. லெவாமிசோல் மாதிரி மருந்து ஆட்டுக்குக் கொஞ்சம் மிஞ்சினாலும் விஷமாகும். சினை ஆட்டை டேப் சரியாகச் சொல்லாது, வயிற்றுக் குட்டியின் கனம் நெஞ்சளவில் தெரியாது. அல்பெண்டசோல் சினை பிடித்த முதல் மாதத்தில் கொடுக்கவே கூடாது என்றும் சொன்னார். சின்னக் குட்டிகளுக்கும் இந்தக் கணக்கு ஒத்து வராது, அவற்றைத் தூக்கித் தொங்கு தராசில் போடுவதுதான் சுலபம்.

இப்போது கதவு நிலையில் இரும்பு டேப்பை வைத்து 30 இஞ்சுக்கும் 60 இஞ்சுக்கும் ஆணியால் கீறி வைத்திருக்கிறேன். மாதம் ஒரு தடவை துணி டேப்பை அதோடு ஒத்துப் பார்ப்பேன். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கிடாக்களை அளந்து நோட்டில் எழுதுகிறேன். தொடர்ந்து இரண்டு தடவை நெஞ்சளவு ஏறாமல் நின்றால், அதற்கு மேல் தவிடு போடுவது நஷ்டம், வியாபாரிக்குச் சொல்லி அனுப்புவேன்.

போன வாரம் அதே ஆள் வந்தார். டேப்பை எடுத்தார். நான் அவரைக் கதவு நிலைக்குக் கூட்டிப்போய், "இதுல ஒருக்கா வெச்சுக் காட்டுங்க" என்றேன். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார், கொப்பரைக் கடைத் தராசுக்கு வரவும் சம்மதிக்கவில்லை, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கிடாக்கள் இரண்டும் இன்னும் பட்டியில்தான் நிற்கின்றன.