ஏ4 தாளும் திண்ணை வீடும்: மூன்று பொங்கலாக ஒட்டிய குடும்பப் படம்

"கிம்ப் போதுமா, காசு கொடுத்து ஏதாவது வாங்கணுமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அவர் வீட்டிலும் அதே நிலைமைதான்: அப்பா அம்மா கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில், அக்கா டொராண்டோவில், தம்பி சிங்கப்பூரில். அவரவர் இடத்தில் எடுத்த படங்களை ஒட்டி, பொங்கலுக்கு எல்லாரும் ஒரே வாசலில் நிற்கிற மாதிரி ஒரு படம் வேண்டும். மூன்று பொங்கலுக்குப் பிறகு என் பதில்: கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருள் போதும். போதாதது வேறு.

2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0 பதிப்பில் நிறத் திருத்தங்களைப் பிறகும் திறந்து மாற்றலாம். இந்த வேலைக்கு அது பெரிய வசதி. அளவு மாற்றுவது மட்டும் அப்படி இல்லை. ஒரு லேயரைச் சுருக்கிவிட்டு மறுபடி பெரிதாக்கினால் மங்கிவிடும். மூல லேயருக்கு ஒரு நகல் எடுத்து மறைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆளை வெட்டுவது, மாஸ்க் போடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். வெளுத்த சுவர் முன்னால் நின்று எடுத்தால் தலைமுடியும் மல்லிகைப்பூவும் சுலபமாகப் பிரியும், அவ்வளவுதான்.

வயிற்றெரிச்சல் எல்லாம் கேமரா உயரத்தில்தான். சமதரையில், 120 செ.மீ. உயரத்தில், சாய்க்காமல் போனை வைத்து எடுத்தால், படத்தில் கேமரா மட்டத்தில் ஓடும் தொடுவானக் கோடு அந்தத் தரையில் நிற்கும் எல்லாரையும் 120 செ.மீ. உயரத்தில்தான் வெட்டும். முன்னால் நின்றாலும் சரி, பின்னால் நின்றாலும் சரி. இது ஒன்று பிடிபட்டால் அளவு கணக்கு மொத்தமும் பிடிபட்டுவிடும்.

வாசலில் எடுத்த மூலப் படம் 4000×3000 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். திண்ணைத் தூணில் வாசல் தரையிலிருந்து 120 செ.மீ.க்குச் சாக்பீஸால் போட்ட கோடு, மேலிருந்து 1400ஆவது பிக்சலில் தெரிகிறது. அதுதான் தொடுவானம். அக்காவின் பாதம் 2360இல் வரவேண்டும் என்றால் நடுவில் 960 பிக்சல். அதை 120ஆல் வகுத்தால் அந்த இடத்தில் செ.மீ.க்கு 8 பிக்சல். 165 செ.மீ. அக்கா 1320 பிக்சல் உயரம் நிற்கவேண்டும். இரண்டடி முன்னால் தள்ளினால் எண் மாறும், கணக்கு மாறாது. ஒரே ஒரு பொறி: திண்ணை மேல் நிற்பவர்கள். திண்ணை 50 செ.மீ. உயரம் என்றால் அவர்கள் உடம்பைக் கோடு வெட்டுவது 70 செ.மீ.யில். அங்கே 70ஆல் வகுக்கவேண்டும்; மறந்துபோய் 120ஆல் வகுத்தால் பெரியப்பா பள்ளிக்கூடப் பையன் அளவுக்கு வந்துவிடுவார்.

வெளிநாட்டுப் படத்தின் அளவை எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் எதிர்பாராத சந்தோஷம்: ஒரு வெள்ளைத் தாள். முதல் படத்தில் மட்டும் ஒரு தாளை நெஞ்சோடு ஒட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். ஏ4 உயரம் 29.7 செ.மீ. `Measure` கருவியால் தாளின் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்புக்கு இழுத்தால் செ.மீ.க்கு எத்தனை பிக்சல் என்று வந்துவிடும். அதே தாளை வைத்து `Colors > Levels` உள்ளே நடுச் சாம்பல் பொறுக்கியால் ஒரு சொடுக்கு போட்டால் நிறச் சாயலும் நேராகிவிடும். ஒரே தாளில் இரண்டு வேலை. கையை நீட்டிப் பிடிக்கக் கூடாது என்று மட்டும் கறாராகச் சொல்லவேண்டும். நான்கு மீட்டர் தூரத்தில் தாள் அரை மீட்டர் முன்னால் வந்தால் ஏழில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். அந்தக் கணக்கில் ஆள் சிறுத்துப்போவார்.

டொராண்டோ படத்தில் வேறு வில்லங்கம். வட அமெரிக்காவில் வீட்டுப் பிரிண்டரில் இருப்பது பெரும்பாலும் ஏ4 அல்ல, லெட்டர் தாள், உயரம் 27.9 செ.மீ.தான். அக்கா படத்தில் தாள் 558 பிக்சல் என்றால் செ.மீ.க்கு 20, எட்டுக்குக் கொண்டுவர 40 சதவீதத்துக்குச் சுருக்கவேண்டும். ஏ4 என்று நினைத்துக் கணக்குப் போட்டால் 42.6 வரும், 165 செ.மீ. அக்கா 175க்கு மேல் வளர்ந்து அத்தானைத் தாண்டிவிடுவார். படம் பார்க்கிறவர்களுக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது. "என்னமோ ஒட்டலையே" என்பார்கள்.

வெளிச்சத்தில் வெயிலை நம்பாதீர்கள். ஜனவரி 15 நண்பகலில் தஞ்சாவூர்ப் பக்கம் சூரியன் 58 டிகிரி உயரத்தில் இருக்கும். டொராண்டோவில் 25 டிகிரி அளவில்தான். இங்கே ஆளின் நிழல் அவர் உயரத்தில் முக்கால் பங்குகூட வராது, அங்கே இரண்டு பங்குக்கு மேல் நீளும். வெயில் விழும் பக்கத்தைச் சரிசெய்ய ஆளைத் திருப்பி நிறுத்தினால் போதும், சூரியன் உயரத்தைத் திருப்ப முடியாது. வெயிலில்தான் வேண்டும் என்றால் வாசல் படத்தைக் காலை எட்டரை மணிக்கு எடுங்கள். அப்போது இங்கேயும் சூரியன் 25 டிகிரியில் இருக்கும். ஆனால் டொராண்டோக் குளிரில் பட்டுப்புடவையோடு வெளியே நில் என்று யாரைக் கேட்பது? எல்லாரும் நிழலில் எடுப்பதே உத்தமம்: இங்கே தாழ்வார நிழல், அங்கே பெரிய ஜன்னலுக்குப் பக்கம், ஜன்னல் எல்லாருக்கும் இடது கைப்பக்கம், அறை விளக்கு அணைத்து.

இங்கே திண்ணைத் தரை சிவப்புக் காவித் தரை. அது வெளிச்சத்தை மேலே தள்ளும். அப்பா வேட்டியின் கீழ்ப்பாதியைப் பெரிதாக்கிப் பாருங்கள், லேசாகச் செம்மை ஓடியிருக்கும். சிங்கப்பூரில் வெள்ளை டைல்ஸில் நின்ற தம்பி வேட்டியில் அது இருக்காது. தரையின் நிறத்தையே பொறுக்கி, தனி லேயரில் முழங்காலுக்குக் கீழே மென்மையாகப் பூசி, `Soft light` முறையில் 10 சதவீதத்தில் விடுங்கள். பாத நிழலுக்கும் கறுப்பு வேண்டாம். அதே காவியை இருட்டாக்கி, `Multiply` லேயரில், பாதம் தரையைத் தொடும் இடத்தில் மெல்லிய அழுத்தமான கோடு, அதைச் சுற்றி அகலமான மங்கல். கோலத்தின் மேல் நிழல் விழுந்தால் கோலப்பொடியும் மங்கவேண்டும். அதை விட்டால் ஆள் அந்தரத்தில் மிதப்பார்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் ஒரு படம் கெடுத்துவிடும்: நின்றபடி, போனைக் கண்ணுக்கு நேரே தூக்கி, கீழ்நோக்கிச் சாய்த்து எடுத்த படம். வேட்டியின் கீழ் விளிம்பைப் பாருங்கள். மற்றவர்களுக்கு அது மெல்லிய வளைவு. இவருக்கு மட்டும் தட்டு மாதிரி அகன்று, பாதத்தின் மேல்பக்கம் முழுசாகத் தெரியும். எந்தக் கருவியாலும் அது நேராகாது. நாற்காலி மேல் புத்தகம் அடுக்கி 120 செ.மீ.யில் போனைச் சாத்தி, நான்கு மீட்டர் தள்ளி நின்று, டைமரில் எடுக்கவேண்டும். படத்தை டாக்குமெண்டாக அனுப்பவேண்டும்; போட்டோவாக அனுப்பினால் சுருங்கி வரும். மூன்று வருடமாக எழுதி, அளந்து, மாதிரிப் படம் போட்டு அனுப்பியாயிற்று. மூன்று வருடமும் ஒருவராவது போனைச் சாய்த்து எடுத்து, போட்டோவாக அனுப்பி, "சரியா இருக்கா?" என்று கேட்கிறார்கள்.

அப்படி வந்தவர்களை உட்கார்ந்த வரிசைக்குப் பின்னால் நிறுத்துங்கள். பாதமும் விளிம்பும் மறைந்தால் பாதிக் குற்றம் மறைந்துவிடும். கோணம் தோளில் இன்னும் தெரியும், ஆனால் துண்டு போட்டால் தெரியாது.

கிம்புக்கு ஐந்துக்கு நாலரை. இந்த மொத்த வேலைக்கு ஐந்துக்கு இரண்டு, அதுவும் ஏ4 தாளுக்காக.