ஆறு வருடம் மெஜாரிட்டி ஃபில்டரோடு: ஊருணி எங்கே போனது?

ராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் எங்கள் நிலப்பயன்பாட்டு வரைபடத்தை முதல்முறையாக விரித்தபோது, ஒரு பெரியவர் வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, கண்மாய் இருக்கு, வயக்காடு இருக்கு. எங்க குடிதண்ணி ஊருணியைக் காணோமே?"

திரும்பி வந்து பழைய கோப்புகளைத் திறந்தேன். ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற கணினி முறை வகைப்படுத்திய முதல் ராஸ்டரில், அதாவது பிக்சல் கட்டங்களாலான வரைபடத்தில், அந்த ஊருணி இருந்தது, மூன்றுக்கு மூன்று பிக்சலாக. அதன்மேல் நான் மூன்று முறை ஓட்டிய மெஜாரிட்டி ஃபில்டர்தான் அதை அழித்திருந்தது. 2019-இலிருந்து கண்மாய்ப் பாசனப் பகுதிகளின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களில் இந்த ஃபில்டரைப் பயன்படுத்தி வருகிறேன். அன்று தொடங்கிய சந்தேகம் ஆறு வருடத்தில் என்னை எங்கே கொண்டுவந்து விட்டது என்பதை எழுதிவைக்கிறேன்.

வகைப்பாட்டில் உப்பும் மிளகும் தூவியதுபோலப் புள்ளிகள் வருவதற்குக் காரணம் எளிது. பிக்சல்வாரி வகைப்பாடு ஒவ்வொரு பிக்சலையும் தனியாகவே பார்க்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. பத்து மீட்டர் சதுரத்துக்குள் பாதி தரிசும் பாதி சீமைக்கருவேலமும் விழுந்தால் முடிவு எந்தப் பக்கமும் சாயும். காய்ந்த தரிசும் ஓட்டுவீடும் ஒரேமாதிரி பளிச்சென்று தெரிவதால் வயல் நடுவே 'கட்டடம்' முளைக்கும். மெஜாரிட்டி ஃபில்டர் அந்தப் பிக்சலைச் சுற்றியுள்ளவர்களிடம் வாக்குக் கேட்டு, அதிக வாக்கு வாங்கிய வகையை நடுவில் எழுதிவிடும். கியூஜிஐஎஸ் மென்பொருளுக்குள் கிராஸ் கருவியாக நான் ஓட்டியது இதுதான்:

```
g.region raster=lc
r.neighbors input=lc output=lc_maj method=mode size=3
```

ஒரு நிமிடத்தில் படம் சுத்தமாகிவிடும். அந்தச் சுத்தத்தைப் பார்த்துத்தான் நான் மூன்று முறை ஓட்டினேன்.

இப்போது அந்த ஊருணியின் கணக்கைப் பார்ப்போம். சென்டினல்-2 பிக்சல் ஒன்று 100 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ட். மூன்றுக்கு மூன்று என்றால் 900 சதுர மீட்டர், சுமார் 22 சென்ட். சுற்றிலும் தரிசு. ஊருணியின் மூலையில் உள்ள பிக்சலை எடுத்துக்கொள்ளுங்கள். தன்னையும் சேர்த்து ஒன்பது கட்டத்தில் நான்கு நீர், ஐந்து தரிசு. மூலை தோற்றுவிடும். நான்கு மூலையும் ஒரே சுற்றில் போய், ஊருணி கூட்டல் குறியாகிவிடும். இரண்டாம் சுற்றில் அந்தக் கூட்டல் குறியின் ஒவ்வொரு கையிலும் மறுபடி நான்குக்கு ஐந்து. கைகள் போய் நடுப் பிக்சல் மட்டும் நிற்கும். மூன்றாம் சுற்றில் அதுவும் இல்லை. இரண்டுக்கு இரண்டு குட்டை, அதாவது பத்து சென்ட் அளவு, முதல் சுற்றிலேயே முழுதாகப் போய்விடும், ஏனென்றால் அதன் நான்கு பிக்சலுமே மூலைதான்.

இதில் ஃபில்டரின் குறையென்று எதுவும் இல்லை. தவறான ஒற்றைப் பிக்சலையும் உண்மையான சின்ன ஊருணியையும் அது ஒரே கண்ணோடுதான் பார்க்கிறது. எது இரைச்சல், எது நிலம் என்று சொல்லும் தகவல் அந்த ஒன்பது கட்டத்துக்குள் இல்லவே இல்லை. தரிசில் தனித்து நிற்கும் கருவேலப் பிக்சல்கூடப் பல இடங்களில் உண்மையான மரம்தான். நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் இதை நம்பினேன்.

வரத்துக் கால்வாய்களில் எனக்கு வந்த சிக்கல் இதைவிட நுட்பமானது. ஒரு பிக்சல் அகலக் கால்வாய் தரிசின் குறுக்கே நேராகப் போனால் ஒன்பதில் மூன்று நீர், ஆறு தரிசு. உடனே அழியும். அது எதிர்பார்த்ததே. ஆனால் எங்கள் பக்கத்துக் கால்வாய்கள் பல இடங்களில் ஒரு கரையில் கருவேலக் காடு, மறுகரையில் தரிசு என்று ஓடும். அப்போது மூன்று நீர், மூன்று கருவேலம், மூன்று தரிசு. சமநிலை. இந்த இடத்தில் r.neighbors எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும், அது தேர்ந்தெடுப்பது சிறிய எண் கொண்ட வகையை.

இதன் பொருளை நிதானமாக யோசித்துப் பாருங்கள். நீருக்கு எண் 1 கொடுத்திருந்தால் கால்வாய் பிழைக்கும். நீருக்கு எண் 6 கொடுத்திருந்தால் கால்வாய் மறையும். நிலத்தில் ஒன்றும் மாறவில்லை, படமும் அதே படம், பயிற்சிப் புள்ளிகளும் அவையே. வகைப் பட்டியலை எந்த வரிசையில் தட்டச்சு செய்தோம் என்பது வரைபடத்தை மாற்றுகிறது. நான் இரண்டு வருடப் படங்களை இரண்டு வேறு வகைப் பட்டியலில் செய்துவைத்திருந்தேன். இரண்டையும் ஒப்பிட்டபோது ஒரு கால்வாய் நெடுக நீர் காணாமல் போய்க் கருவேலம் வந்திருந்தது. ஆக்கிரமிப்பு என்று அறிக்கையில் எழுதும் நிலைக்கு வந்துவிட்டோம். உடன் வேலை செய்த அக்கா ஒருவர்தான், "ஃபில்டர் போடாத ராஸ்டரை ஒரு தடவ வச்சுப் பாரு" என்றார். அதில் இரண்டு வருடமும் கால்வாய் முழுசாக இருந்தது. அந்த வரியை எடுத்தோம். எடுக்காமல் போயிருந்தால் ஒரு ஊர்ச் சண்டைக்கு நான் காரணமாகியிருப்பேன்.

அதிலிருந்து இந்தச் சமநிலையே வராதபடி ஃபில்டரை நானே எழுதிக்கொள்கிறேன். நடுப் பிக்சலை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள எட்டில் ஐந்து பேராவது ஒரே வகையைச் சொன்னால் மட்டும் மாற்று, இல்லையென்றால் தொடாதே. எட்டில் ஐந்து வாக்கை இரண்டு வகைகள் வாங்க முடியாது, ஆகவே எண்ணின் வரிசைக்கு வேலையில்லை. ஆர்க்ஜிஐஎஸ்ஸின் Majority Filter கருவியில் EIGHT, MAJORITY என்று கொடுத்தாலும் இதே ஐந்து வாக்கு விதிதான், அங்கே அந்த ஐந்தும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. HALF என்று கொடுத்தால் நான்கு போதும், அது இன்னும் அதிகமாக மாற்றிவிடும். எங்கள் வேலைக்கு அதை நான் தொடுவதில்லை.

```python
import numpy as np
from scipy.ndimage import convolve

k = np.ones((3, 3), dtype=np.uint8)
k[1, 1] = 0
codes = np.array([1, 2, 3, 4, 5])
votes = np.stack([convolve((lc == c).astype(np.uint8), k,
                           mode="constant") for c in codes])
best = codes[votes.argmax(axis=0)]
ok = (votes.max(axis=0) >= 5) & (lc > 1) & (conf < 0.6)
out = np.where(ok, best, lc)
```

இதில் `lc` வகைப்பாட்டு ராஸ்டர், 0 என்பது தகவல் இல்லாத நோடேட்டா, 1 நீர். `lc > 1` என்ற நிபந்தனை இரண்டையும் காப்பாற்றுகிறது. நோடேட்டா ஏன் என்றால், r.neighbors வெற்றுக் கட்டங்களை விட்டுவிட்டு மீதியில் வாக்கெடுக்கும். அதனால் எல்லைக்கு வெளியே ஒரு பிக்சல் அளவுக்கு வரைபடம் வளர்ந்துவிடும். அதைப் பயன்படுத்துகிறவர்கள் கடைசியில் மூல ராஸ்டரால் மறுபடி வெட்ட மறக்க வேண்டாம்.

ஆறு வருடத்தில் நான் செய்த மாற்றங்களில் அதிகப் பலன் தந்தது `conf`. ரேண்டம் ஃபாரஸ்டுக்குள் இருக்கும் முடிவு மரங்களில் எத்தனை அந்த வகைக்கு வாக்களித்தன என்ற பங்கு அது. வகைப்பாட்டு எண்ணை மட்டும் சேமித்தால் அந்தத் தகவல் அங்கேயே தொலைந்துபோகும். அரைமனதாக 'கட்டடம்' என்று சொன்ன பிக்சலும், உறுதியாகச் சொன்ன பிக்சலும் ஃபில்டருக்கு ஒன்றாகிவிடும். பத்தில் ஆறு பங்குக்குக் கீழே உறுதி உள்ள பிக்சல்களை மட்டும் அண்டை வீட்டாரின் தீர்ப்புக்கு விடுகிறேன். 0.6 என்பது எங்கள் படங்களில் கண்ணால் பார்த்து வைத்த எண். உங்கள் படத்துக்கு நீங்கள்தான் பார்த்துவைக்க வேண்டும். தரிசுக்குள் தனித்து நின்ற ஓட்டுவீடுகள் பல இதனால் பிழைத்தன.

நீரை ஃபில்டரிலிருந்து விலக்கிவிட்டால் தவறான நீர்ப் பிக்சல்களும் தங்கிவிடுமே என்று கேட்கலாம். தங்கும். அவற்றுக்கு வேறு வழி:

```
gdal_sieve.py -st 4 -8 lc.tif lc_sieve.tif
```

இது வாக்கெடுப்பதில்லை. ஒட்டியிருக்கும் பிக்சல்களைத் திட்டுகளாகச் சேர்த்து, நான்கு பிக்சலுக்குக் குறைந்த திட்டை அதை ஒட்டிய பெரிய திட்டோடு கரைக்கிறது. ஒரு பிக்சல் அகலக் கால்வாய் நீளமாக இருந்தால் பிழைக்கும், ஊருணியின் மூலையும் மழுங்காது. `-8` இல்லாமல் ஓட்டினால் மூலைவிட்டமாகப் போகும் கால்வாய் தனித்தனிப் பிக்சலாக எண்ணப்பட்டு அழிந்துபோகும். ஆனால் `-8` போட்டால் மூலையில் தொட்டுக்கொண்டிருக்கும் தவறான பிக்சல்கள் சங்கிலியாகி நின்றுவிடும். ஆகவே இதன் விடையில் நீர் சம்பந்தப்பட்ட மாற்றங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இது நீக்கச் சொல்லும் சின்ன நீர்த்திட்டுகளையும் அதே பருவத்தின் இன்னொரு நாள் படத்தில் பார்க்கிறேன். இரண்டு நாளும் நீர் என்றால் அது இருக்கட்டும்.

துல்லியம் பற்றி ஒன்று. ஃபில்டர் போட்டதும் சரிபார்ப்பு மதிப்பெண் ஏறியதைப் பார்த்துத்தான் முதல் வருடம் நிம்மதியாக இருந்தேன். எங்கள் சரிபார்ப்புப் புள்ளிகள் எல்லாம் பெரிய வயலின் நடுவிலும் கண்மாயின் நடுவிலும் வைத்தவை. அங்கே ஃபில்டர் நல்லதை மட்டுமே செய்யும். அது கெடுக்கும் ஓரங்களிலும் கால்வாய்களிலும் ஒரு புள்ளிகூட இல்லை. இப்போது முன்னும் பின்னும் உள்ள ராஸ்டர்களை வைத்து, எந்த வகை எந்த வகையாக மாறியது என்று ஒரு அட்டவணை எடுக்கிறேன். தரிசிலிருந்து பயிருக்கும் பயிரிலிருந்து தரிசுக்கும் ஏறக்குறைய சமமாக மாறியிருந்தால் அது பெரும்பாலும் இரைச்சல்தான். ஒரு வகை கொடுத்துக்கொண்டே இருந்து எதையும் திரும்ப வாங்கவில்லை என்றால், அங்கே உண்மையான நிலம் கரைகிறது. சரிபார்ப்புப் புள்ளிகளில் ஒரு பங்கை மாறிய பிக்சல்களுக்குள்ளேயே வைக்கிறேன்.

ஃபில்டரால் ஆகாத ஒன்றும் உண்டு. வற்றிய கண்மாயின் உள்வாய் முழுவதையும் வகைப்பாடு தவறாகக் கருவேலம் என்று சொன்னால், அது உப்பு-மிளகு இல்லை, பெரிய தவறான திட்டு. அதனுள் அங்கங்கே சரியாக வந்திருக்கும் 'காய்ந்த தரை' பிக்சல்களையும் ஃபில்டர் கருவேலமாக்கிவிடும். புள்ளிகள் அடர்ந்து, பரப்பில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குத் தெரிந்தால் நான் ஃபில்டரைத் தொடுவதில்லை. பயிற்சிப் புள்ளிகளுக்குத் திரும்பிப் போகிறேன், அல்லது நீர் நிற்கும் ஜனவரிப் படத்தையும் கோடைப் படத்தையும் சேர்த்துக் கொடுக்கிறேன்.

அந்தக் கிராமத்துக்கு அடுத்த வருடம் புதிய வரைபடத்தோடு போனோம். ஒரே சுற்று, நீர் விலக்கு. பெரியவர் ஊருணியை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, அதன் கிழக்கே ஓர் இடத்தைக் காட்டி, "இங்க ஒரு கிணறும் இருக்கு தம்பி" என்றார். கிணறு பத்து மீட்டர் பிக்சலில் வராது என்று சொல்லி, கைப்பேசியில் அதன் இடத்தைக் குறித்துக்கொண்டு, தனி அடுக்காகச் சேர்த்துக் கொடுத்தோம்.